ஏழு வயதில் பூப்பு அறிகுறி: உயரம் குறையுமா?

"மகளுக்கு 7 வயது, 128 செ.மீ. மார்பு வளரத் தொடங்கிவிட்டது. கை எக்ஸ்ரேயில், எலும்புகளின் முதிர்ச்சியைக் காட்டும் எலும்பு வயது 10. வகுப்பிலேயே உயரமானவள் எப்படிக் குள்ளமாவாள்?"

இப்போதைய உயரம் கடன் வாங்கியது போன்றது. எலும்பு நுனிகளிலுள்ள குருத்தெலும்புத் தட்டுகளில்தான் வளர்ச்சி நடக்கிறது. பூப்பின்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதை முடுக்கிவிடும். அதே ஈஸ்ட்ரோஜன் தட்டுகளைச் சீக்கிரம் மூடியும் விடும், அதன்பின் உயரம் கூடாது. ஆண்பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

எலும்பு வயது 10 உள்ள பெண், இறுதி உயரத்தில் ஏறத்தாழ 85 சதவீதத்தை எட்டியிருப்பாள். அப்படியானால் 128 செ.மீ. சுமார் 150-இல் நின்றுவிடலாம். இது தோராயம்தான், சில குழந்தைகளுக்குப் பூப்பு மெதுவாகவே நகரும், அவர்கள் அதிகம் இழப்பதில்லை.

குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள். காரணத்தை ஆராய்ந்து, தேவையென்றால் பூப்பை நிறுத்திவைக்கும் ஊசி தருவார். மூடிய தட்டுகளை அந்த ஊசி திறக்காது.