பேசி எழுதுவதா, அடித்து எழுதுவதா?

கேள்வி: செல்போனில் உறவினர்களுக்குத் தமிழிலேயே செய்தி அனுப்ப ஆசை. தங்கை மகன் ‘பேசினால் போதும், அதுவே எழுதிவிடும்’ என்கிறான். தோழியோ ‘ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும், அதுதான் நல்லது’ என்கிறாள். மைக்கை அழுத்திப் பேசிப் பார்த்தேன். ஒருமுறை எழுத்துக்குப் பதிலாக என் குரலே அவர்களுக்குப் போய்விட்டது, இன்னொருமுறை புரியாத ஆங்கிலம் வந்தது. நான் எதை வைத்துக்கொள்வது?

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. இரண்டும் ஒரே விசைப்பலகைக்குள் இருப்பவைதான். நீளமான செய்தியைப் பேசி எழுதுங்கள். பெயர்கள், எண்கள், இரண்டு மூன்று சொல்லில் முடியும் பதில்களை அடித்து எழுதுங்கள்.

முதலில் உங்கள் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மைக், குரலைப் பதிவுசெய்து அனுப்புவதற்கு. எழுதுவதற்கான மைக் விசைப்பலகையின் மேல் பட்டையில் இருக்கிறது. அது விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் கேட்கும். ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழில் பேசியிருக்கிறீர்கள்; அதுவும் கேட்டதை ஆங்கிலமாகவே எழுதிவிட்டது.

ஆகவே மொழியைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் Gboard விசைப்பலகை போதும். அதன் மேல் பட்டையில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு Languages, பிறகு Add keyboard, அதில் தமிழ். வரும் வகைகளில் abc → தமிழ் என்பதைத் தேர்ந்து Done அழுத்துங்கள்; உங்கள் தோழி சொன்னது இதைத்தான். அப்புறம் அதே பல்சக்கரத்தில் Voice typing போய் Use voice typing இயங்குகிறதா என்று பாருங்கள். எழுதும்போது இடைவெளிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மொழி மாற்றலாம். தமிழுக்கு மாற்றிவிட்டுத்தான் மைக்கைத் தொட வேண்டும். சில நிறுவனங்களின் போனில் வேறு விசைப்பலகை முன்னிருப்பாக இருக்கும்; அமைப்புகளில் போய் Gboard-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் இந்த இடத்துக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. தமிழ் எழுத நினைக்கும் ஒருவரை இப்படி நான்கு பட்டியலுக்குள் அலையவிடுவது அநியாயம்.

இந்த அலைச்சலை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள். ‘தமிழ் விசைப்பலகை ஏற்றித் தருகிறேன்’ என்று காசு வாங்கிக்கொண்டு, யார் செய்தது என்றே தெரியாத செயலியைப் போட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்புகிறவர்களும் உண்டு. விசைப்பலகை என்பது நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கடந்துபோகும் வழி. வங்கிக் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். புதிதாக ஒன்றை இயக்கும்போது, இது நீங்கள் எழுதுவதையெல்லாம் சேகரிக்கக்கூடும் என்று போனே எச்சரிக்கும். அவசரத்தில் ‘சரி’ அழுத்திவிடாதீர்கள். கூகுள் 2017 ஆகஸ்டிலேயே தமிழ்க் குரல் தட்டச்சை இலவசமாகக் கொண்டுவந்துவிட்டது. இதற்கு யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை.

சரி, பேசி எழுதும்போது எங்கே இடறும்? பெரும்பாலும் நிறுத்தக்குறியில். நீங்கள் மூச்சுவிட்ட இடம் அதற்குப் புள்ளியாகத் தெரியாது. ‘அப்பாவுக்கு மாத்திரை வேண்டாம் இரவு தைலம் மட்டும் தடவு’ என்று வந்தால், மாத்திரை இரவுக்கு மட்டும் வேண்டாமா, இனி எப்போதுமே வேண்டாமா? ‘வேண்டாம்’ என்பதற்குப் பின் விரலால் ஒரு புள்ளி வைத்தால் செய்தி தெளிவாகிவிடும். மருந்து, பணம், நேரம் பற்றிய செய்தியை ஒருமுறை படித்துப் பார்க்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அடித்து எழுதுவதில் சிக்கல் வேறு. palli என்று அடித்தால் பள்ளி, பல்லி இரண்டுக்கும் இடமுண்டு. நீங்கள் இடைவெளி தட்டியதும் மேல் பட்டையில் முதலில் நிற்கும் சொல் செய்தியில் உட்கார்ந்துவிடும். எனவே தட்டுவதற்கு முன் பட்டையைப் பாருங்கள். வேண்டியது பக்கத்தில் இருந்தால் அதைத் தொடுங்கள்.

பேசுவதுதான் எளிது என்றாலும் பெயர்களுக்கு அது சரிப்படாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ல, ள, ழ எது என்று அது உங்கள் உச்சரிப்பை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களையும் பார்த்து ஊகிக்கிறது. சாதாரணச் சொல்லுக்கு அந்த ஊகம் நன்றாகவே பலிக்கும். ஆனால் அது கேள்விப்படாத குடும்பப் பெயரையோ வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரையோ தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றிவிடும். நீங்கள் உரக்கச் சொன்னாலும் மாறாது, நிறுத்திச் சொன்னாலும் மாறாது. பெயர் வரும் இடத்தில் மைக்கை நிறுத்துங்கள், பெயரை அடியுங்கள், மறுபடி மைக்கைத் தொட்டு மீதியைப் பேசுங்கள்.

ஐபோன் வைத்திருந்தால் Settings, General, Keyboard, Keyboards, Add New Keyboard என்று போய் Tamil-இல் Anjal-ஐச் சேருங்கள். அது ஊகிக்காது, பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. l அடித்தால் ல, L அடித்தால் ள, z அடித்தால் ழ. அங்கே பேசி எழுத வேண்டுமென்றால் Gboard-ஐ ஆப் ஸ்டோரிலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.