பி.ஓ. எண் எங்கே? கேள்வி – பதில்

பில்லில் வாங்குபவர் தந்த பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ. எண் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனாலும் கம்பெனி போர்டல் 'பி.ஓ. இல்லை' என்று திருப்பி அனுப்புகிறது. அதற்குக் கண் தெரியாதா? – குடிகாடு, கடலூர்

தெரியாதுதான். பல போர்டல்கள் பி.டி.எஃப். பில்லை வெறும் இணைப்பாக வைத்துக்கொள்கின்றன. பொருத்திப் பார்ப்பதெல்லாம் பி.ஓ. கட்டத்தில் அடித்ததை, அல்லது இ-இன்வாய்ஸ் தரவில் இருப்பதைத்தான். நீங்கள் அனுப்பிய நகலில் அந்த இடத்தில் PO/4500017382-10 என்று இருக்கிறது. வாங்குபவரின் கணக்கில் உள்ளது 4500017382 மட்டும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. இ-இன்வாய்ஸில் இந்த இடத்துக்குப் பதினாறு எழுத்து வரை இடம் உண்டு. உங்களுடையது சரியாகப் பதினாறு, அதனால் அரசுத் தளம் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. இருக்க வேண்டியது இப்படி:

```
"ContrDtls": [{
  "PORefr": "4500017382",
  "PORefDt": "03/06/2025"
}]
```

கடைசியில் நீங்கள் ஒட்டிய 10, பி.ஓ.வின் வரிசை எண். அதற்கு ஒவ்வொரு பொருளின் கீழும் OrdLineRef என்று தனி இடம் இருக்கிறது. அதிலும் கவனம் தேவை. உங்கள் பி.ஓ.வில் 10-வது வரி போல்ட், 20-வது வரி கேஸ்கெட். இந்த பில்லில் போனது கேஸ்கெட் மட்டும். பில்லில் அது முதல் வரி என்பதற்காக 10 என்று போட்டால், விலை பொருந்தவில்லை என்று இன்னொரு முறை திரும்பும்.

பில்லிங் சாஃப்ட்வேரின் நரேஷன் குறிப்பில் அடித்ததை நம்பாதீர்கள். இ-இன்வாய்ஸின் ஜேசன் ஃபைலை இறக்கித் திறந்து, PORefr என்று தேடிப் பாருங்கள். மலிவாக இருக்கிறதே என்று நான் வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேரில் அந்தக் கட்டமே கிடையாது. போன காசு போனதுதான்.

பி.ஓ. கட்டத்தில் 'NA' போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். பழைய பி.ஓ. எண்ணைப் போட்டுவிடலாமா? – நெல்லிக்குப்பம்

கூடாது. அந்த பி.ஓ.வின் மிச்ச அளவை நீங்களே தின்றுவிடுவீர்கள், நாளைக்கு அதன் உண்மையான பில் நிற்கும்.

இ-இன்வாய்ஸுக்கு அரசுத் தளம் தரும் ஐ.ஆர்.என். எண்ணை வாங்கி மூன்று நாள் ஆகிறது. பி.ஓ. எண் போட மறந்துவிட்டோம். ரத்து செய்யலாமா? – சேதராப்பட்டு

24 மணி நேரத்துக்குள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்குப் பிறகு அரசுத் தளத்தில் ரத்து கிடையாது. சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில் உயிரோடு இருந்தால் அந்த 24 மணி நேரத்திலும் முடியாது. ரத்தான பில்லின் எண்ணுக்கு மறுபடி ஐ.ஆர்.என். கிடைக்காது, புது எண் வேண்டும்.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஐ.ஆர்.என். உருவாவது விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், பில் வகை, பில் எண், நிதியாண்டு ஆகிய நான்கிலிருந்து. பி.ஓ. எண் அதில் சேராது, வரியும் மாறவில்லை. அதனால் வாங்குபவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு பில் எண்ணையும் பி.ஓ. எண்ணையும் மெயிலில் எழுதி, அவர்கள் பக்கத்தில் கையால் இணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியவே முடியாது என்றால் மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு கிரெடிட் நோட், புது பில் என்று போங்கள்.

எண் சரி, கட்டமும் சரி. 'இந்த நிறுவனத்துக்கு இப்படி ஒரு பி.ஓ. இல்லை' என்கிறது. – கடலூர் முதுநகர்

பி.ஓ. புதுச்சேரி ஆலையுடையது, பில்லை நீங்கள் கடலூர் ஆலைக்குப் போட்டிருக்கிறீர்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. பி.ஓ.வில் உள்ளதையே பில்லில் போடுங்கள். நீங்கள் 33, அவர்கள் 34 என்பதால் வரியும் ஐ.ஜி.எஸ்.டி. ஆகும். எண்ணை மட்டும் திருத்தி ஏற்றினால் வரியில் மாட்டும்.

ராத்திரி பம்ப் நின்றபோது இன்ஜினியர் போன் பண்ணி, 'உடனே வாங்க, பி.ஓ. அப்புறம் தர்றேன்' என்றார். வேலை முடித்து இரண்டு மாதம் ஆகிறது. 64,000 ரூபாய் பில்லை ஏற்றவே முடியவில்லை. – தட்டாஞ்சாவடி

இந்த 'அப்புறம் தர்றேன்' கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பம்ப் ஓடியதும் அவருடைய அவசரம் தீர்ந்துவிடும், வட்டி கட்டுவது நீங்கள். தப்பு உங்களுடையதில்லை.

இன்றைக்கே அந்த இன்ஜினியருக்கு மெயில் போடுங்கள், பர்ச்சேஸ் பிரிவுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் நகல். போன் வந்த தேதி, நேரம், செய்த வேலை, தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கிய சர்வீஸ் ரிப்போர்ட்டையும் சேருங்கள். கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, அவர் தேவைக் கோரிக்கை எழுப்பி பி.ஓ. வாங்கித் தர வேண்டும். இரண்டாவது, வேலை முடிந்ததை அவர்களே பதிவு செய்ய வேண்டும். இதை மறந்தால் பி.ஓ. வந்த பிறகும் 'ரசீது இல்லை' என்று பில் திரும்பும். பி.ஓ. தேதிக்கு முந்தைய பில்லைச் சில போர்டல்கள் ஏற்பதில்லை. எந்தத் தேதியிட்ட பில் வேண்டும் என்றும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

வேலைக்கு முன்பே உத்யம் பதிவு வாங்கிய குறு அல்லது சிறு நிறுவனமா நீங்கள்? அப்படியானால் 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் கைகொடுக்கும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையை ஏற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. மெயிலுக்குப் பதில் வராவிட்டால் எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளம் வழியாகப் புகார் பதியலாம். அந்தக் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டின் அசலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.