போனில் கேட்டால் தள்ளுபடி எத்தனை என்று புரியவில்லை: என்ன செய்வது?

"ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்காக 30 வினாடி வீடியோ விளம்பரம் செய்தேன். பின்னணியில் நாதஸ்வரமும் தவிலும். 'அறுபது சதவீதம்' என்று குரல் சொல்லும்போது ஒரு மணிச்சத்தமும் வைத்திருக்கிறேன். ஹெட்போனில் எல்லாம் அருமையாகக் கேட்கிறது. போனில் போட்டால் இசைதான் முன்னால் வருகிறது. எழுபது சதவீதம் என்று கேட்டுவிட்டுக் கடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று முதலாளி வருத்தப்படுகிறார். குரலைக் கூட்டினால் உடைகிறது. எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது?"

இப்போதைக்குக் குரலில் கை வைக்க வேண்டாம். முதலில் அந்த மணியை அங்கிருந்து நகர்த்துங்கள். தமிழ் எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. எல்லாமே 'பது' என்று முடிகின்றன. வித்தியாசம் முழுவதும் முன்பாதியில்தான். மணி 'அறு' மேல் விழுந்தால் கேட்பவருக்கு மிஞ்சுவது '...பது சதவீதம்' மட்டும். மீதியை அவர் ஊகித்துக்கொள்கிறார். ஒரு நகைக்கடை விளம்பரத்தில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். 'செய்கூலி இல்லை' என்ற வரியில் 'இல்லை' மேல் ஒரு பளிச் சத்தத்தை வைத்துவிட்டேன். போனில் 'செய்கூலி' மட்டும் கேட்டது. அன்றிலிருந்து எண், விலை, தேதி, 'இல்லை', 'வரை' ஆகிய சொற்களின் மேல் எந்தச் சத்தத்தையும் வைப்பதில்லை. மணி வேண்டுமென்றால் 'தள்ளுபடி' என்று சொல்லி முடித்த பிறகு வரும் இடைவெளியில் வையுங்கள். இடைவெளி இல்லையென்றால் குரலை வெட்டி அரை வினாடி உண்டாக்கலாம். அங்கேயும் மணியின் உச்சம் குரலின் உச்சத்தைவிட 6 டெசிபலாவது கீழே இருக்கட்டும். மணியின் கார்வை அடுத்த சொல்லுக்குள் நீண்டால் அதை ஃபேட் செய்து நறுக்கிவிடுங்கள்.

அடுத்தது நாதஸ்வரம். ஹெட்போனில் இசை இடமும் வலமும் விரிந்து நிற்கிறது, குரல் நடுவில் தனியாக நிற்கிறது. அந்த இடைவெளிதான் உங்களுக்குத் தெளிவாகத் தோன்றியது. ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து, இசை நேராகக் குரலின் மேல் வந்து உட்காருகிறது. இரண்டு ஸ்பீக்கர் உள்ள போனிலும் அவை ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதால் பெரிய விரிவு கிடைக்காது. போதாததற்கு, மெய்யெழுத்துகளை நாம் பிரித்தறிவது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். நாதஸ்வரத்தின் கூர்மையும் தவிலில் வலந்தலையின் 'டக்'கும் அதே இடத்தில்தான் பலமாக இருக்கின்றன. போன் ஸ்பீக்கரும் அந்தப் பகுதியைத்தான் நன்றாக ஒலிக்கும். மூன்று பேர் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுவதுபோல.

ஆகவே இசை டிராக்கில் ஈக்யூ போட்டு, 2,500 ஹெர்ட்ஸை மையமாக வைத்து அகலமாக 4 அல்லது 5 டெசிபல் இறக்குங்கள். தனியாகக் கேட்டால் இசை கொஞ்சம் மங்கியதுபோலத் தெரியும், பரவாயில்லை. குரல் மேலே வந்ததும் அது தெரியாது. அப்புறம் குரல் வரும் இடங்களில் இசையின் அளவு. வெறும் தாளம், தம்புரா மாதிரி இசைக்குக் குரலைவிட 12 டெசிபல் கீழே வைத்தால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நாதஸ்வரம், வயலின், பாடும் குரல் என்றால் 16 முதல் 18 வரை இறக்குவேன். பாடல் வரிகள் உள்ள இசையைச் சலுகை சொல்லும் இடத்தில் வைக்கவே மாட்டேன்.

இறக்குவது எப்போது என்பதும் முக்கியம். குரல் வரும்போது இசையைத் தானாக இறக்கும் 'ஆட்டோ டக்கிங்' போட்டிருந்தால், பல மென்பொருள்களில் குரல் வந்த பிறகுதான் இசை இறங்கத் தொடங்கும். அதற்குள் முதல் அசை போய்விடும், நம் விஷயத்தில் அதுதான் 'அறு'. எனவே கையால் கீஃபிரேம் வைத்து, குரல் தொடங்க 0.3 வினாடி முன்பே இசை இறங்கி முடித்திருக்கும்படி செய்யுங்கள். Audacity பயன்படுத்தினால் Auto Duck முன்கூட்டியே இறக்கும். இசை டிராக் மேலே, குரல் டிராக் அதற்கு நேர் கீழே இருக்க வேண்டும். வரிக்கு வரி இசையை ஏற்றி இறக்க வேண்டாம். சலுகை சொல்லி முடியும்வரை கீழேயே கிடக்கட்டும், இல்லாவிட்டால் இசை மூச்சு வாங்குவதுபோல் கேட்கும்.

குரலைக் கூட்டினால் உடைகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் தவிலின் தொப்பிப் பக்கம். அந்த 'தொம்' ஒலியின் அடிநாதத்தைப் போன் ஸ்பீக்கர் ஒலிக்கவே முடியாது. ஆனால் மிக்ஸில் அது பெரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அடிக்கும், ஒலி எல்லை தாண்டாமல் தடுக்கக் கடைசியில் உள்ள லிமிட்டர் மொத்தத்தையும் அமுக்குகிறது, குரலும் சேர்ந்து அமுங்குகிறது. யாருக்கும் கேட்காத ஒலிக்காகக் கேட்க வேண்டிய ஒலியை இழக்கிறோம். இசையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் போட்டு வெட்டுங்கள், குரலில் 100-க்குக் கீழே. இப்போது குரலை 2, 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள், உடைவது நிற்க வேண்டும். அப்படியும் உடைந்தால் பதிவிலேயே உடைந்திருக்கிறது. அந்த வரியைத் திரும்பப் பேச வைப்பதுதான் வழி.

குரலிலேயே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் குரல் தணியும். 'ஞாயிறு வரை மட்டுமே' என்பதில் 'வரை மட்டுமே' பாதி அளவுக்கு இறங்கிவிடும், அதுதான் சலுகையின் நிபந்தனை. 3:1 அளவில் ஒரு கம்ப்ரஸர் போட்டு, உரத்த இடங்களில் 4 முதல் 6 டெசிபல் வரை அமுக்குங்கள். அதற்குப் பிறகும் தணிந்திருக்கும் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையால் தூக்குங்கள்.

காதுக்குத் தெரியும் மொத்த உரப்பை அளக்கும் LUFS அலகில் −14, உச்சத்தை அளக்கும் dBTP அலகில் −1 என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யலாம். இதைவிட உரக்க அனுப்பினால் யூடியூப் மொத்தத்தையும் குறைத்துவிடும். அதில் குரலுக்குத் தனிச் சலுகை கிடையாது.

இனிச் சோதனை. போனுக்கு அனுப்பும் முன் கணினியிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒரே சேனலாக்கி, அடிப்பகுதியை வெட்டிக் கேளுங்கள்:

```
ffmpeg -i mix.wav -ac 1 -af "highpass=f=400" phone.wav
```

இதில் நாதஸ்வரம் குரலை மிஞ்சினால் போனிலும் மிஞ்சும். அடுத்து உண்மையான போனில், விலை குறைந்த பழைய போனாக இருந்தால் நல்லது, பாதி சத்தத்தில் வைத்து மின்விசிறி ஓடும் அறையில் ஒரு கை நீளத் தூரத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்டுப் பயனில்லை. எண் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், காது தானாக நிரப்பிக்கொள்ளும். விளம்பரத்தைப் பார்க்காத ஒருவரை ஒரே ஒரு முறை கேட்கச் சொல்லி, எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். திரையில் எண் தெரியாதபடி போனைக் கவிழ்த்து வையுங்கள். தவறாக எழுதினால் சலுகை வரியின் கீழ் உள்ள இசையை மட்டும் இன்னும் 2 டெசிபல் இறக்கி, வேறொருவரிடம் கொடுங்கள்.