ஏழு மணி மந்திரமும் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சலும்: கேள்வி பதில்

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்: அக்கா, இன்ஸ்டாகிராமில் மாலை ஏழு மணிக்கு மட்டுமே பதிவிட வேண்டும், அப்போதுதான் அல்காரிதம் தூக்கிவிடும் என்கிறார் எங்கள் பொது மேலாளர். கணக்கும் அவர் பக்கம்தான் நிற்கிறது. ஏழு மணிப் பதிவுகள் பத்தின் சராசரி ரீச் 4,100; காலை பதினோரு மணிப் பதிவுகள் பத்தின் சராசரி 2,300. மறுத்து எப்படி மின்னஞ்சல் எழுதுவது? பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பட்டியலைப் பார்த்தேன். ஏழு மணிப் பதிவுகளில் ஒன்று மட்டும் 21,000 பேரிடம் போயிருக்கிறது, காலர் தைக்கும் அந்த ரீல். மொத்தம் 41,000. அதை எடுத்துவிட்டால் மீதி ஒன்பது பதிவுகளுக்கு 20,000, அதாவது ஒன்றுக்குச் சுமார் 2,200. காலைப் பதிவுகளை விடக் கொஞ்சம் குறைவு! ஒரே ஒரு ரீலை நம்பி ஒரு சட்டமே போட்டிருக்கிறார் உங்கள் மேலாளர். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். பத்துப் பதிவுகளையும் ரீச் வாரியாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் இரண்டு எண்களைப் பாருங்கள்.

அந்த ரீலின் புள்ளிவிவரப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் பின்தொடராதவர்களாகவும், பார்வைகள் பல நாட்களில் பரவியும் இருந்தால், அது எந்த மணிக்கு ஏறியது என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை.

ஏன் என்பதையும் மேலாளர் கேட்பார். இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேர வரிசையில் மட்டும் காட்டும் முறையிலிருந்து விலகப் போவதாக 2016இல் அறிவித்தது. அல்காரிதம் என்று ஒன்றே ஒன்று இல்லை, ஃபீட், ஸ்டோரி, ரீல் என ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வரிசைமுறை என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி 2021இல் விளக்கினார். ஒருவர் செயலியைத் திறக்கும்போது, அவர் எதை நின்று பார்ப்பார், எதை நண்பருக்கு அனுப்புவார் என்று கணித்து அவருக்கென வரிசை அமைகிறது. பதிவு எவ்வளவு புதியது என்பதும் அதில் ஓர் அம்சம். ஆகவே நேரத்துக்கு மதிப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சிறிய மதிப்பு உண்டு, மந்திரம் இல்லை.

இன்னொன்று: யாருடைய ஏழு மணி? திருப்பூரில் ஏழு மணி என்றால் ஜெர்மனியில் குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டரை, கோடையில் மூன்றரை. நியூயார்க்கில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. உங்கள் பையர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மேலாளருக்குச் சட்டென்று புரியக்கூடிய வாதமும் இதுதான். ஷிப்மென்ட் விஷயத்தில் தினமும் அவர் கணக்குப் போடுகிற நேரம் அது.

மின்னஞ்சலில் வேறு யாரையும் நகலில் சேர்க்காதீர்கள். "தவறு", "கட்டுக்கதை" போன்ற சொற்கள் வேண்டாம். இப்படி எழுதலாம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> ஏழு மணிப் பதிவுகள் நன்றாகப் போவதாகத் தாங்கள் சொன்னதைக் கணக்கோடு சரிபார்த்தேன். மொத்த எண்ணில் அது உண்மை. ஆனால் அந்த உயர்வு முழுவதும் காலர் தைக்கும் ரீல் ஒன்றிலிருந்து வந்தது. அதை நீக்கினால் ஏழு மணிக்குச் சுமார் 2,200, பதினோரு மணிக்கு 2,300. பட்டியல் இணைப்பில் உள்ளது.
>
> எட்டு வாரம் ஒரு சோதனை செய்ய அனுமதி வேண்டுகிறேன். ஒரே வகையான பதிவுகளை, எது எந்த நேரம் என்று நாணயம் சுண்டி முடிவு செய்து, இரு நேரங்களிலும் போடுகிறேன். ஒவ்வொன்றின் ரீச்சையும் ஏழாம் நாள் குறித்துக்கொள்வேன். பையர்களிடமிருந்து வரும் விசாரணைகளைத் தனியாக எண்ணுவேன். வித்தியாசம் தெரிந்தால் அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளலாம்.
>
> அதுவரை காலர் ரீல் போல, தொழிலாளர் கைவேலையைக் காட்டும் ரீல்களைக் கூடுதலாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதல் நாளே ரீச்சைக் குறித்தால் நேரத்தின் தாக்கம் பெரிதாகத் தெரியும். அதனால்தான் ஏழாம் நாள்.

கோவை, கிரைண்டர் விற்பனை: பதிவிடச் சிறந்த நேரம் எது மேடம்? செயலியிலேயே இரவு ஒன்பதுக்கு என் ஃபாலோயர்கள் அதிகம் என்று வரைபடம் காட்டுகிறது. அப்படியானால் ஒன்பதுதானே?

பாதி சரி. அவர்கள் எப்போது செயலியில் இருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த வரைபடம் சொல்கிறது. உங்கள் பதிவு எப்போது எடுபடும் என்பதை அல்ல. உங்களைப் போலவே மற்றவர்களும் அந்த நேரம் பார்த்தே பதிவிடுகிறார்கள். ஒன்பதில் தொடங்கலாம், அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

நாமக்கல்: எங்கள் முதலாளி ராகு காலத்தில் பதிவிட விடமாட்டார். ரீச் பாதிக்குமா?

பாதிக்காது. ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போடுங்கள், வீட்டிலும் கடையிலும் நிம்மதி.

ஈரோடு, ஜவுளிக் கடை: நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. செவ்வாய்ச் சந்தைக்கு முன் திங்கள் மதியம் புதுச் சரக்கைப் போட்டால் அன்று மாலையே மொத்த வியாபாரிகள் கூப்பிடுகிறார்கள். புதன்கிழமை போட்டால் ஈ ஓட்ட வேண்டியிருக்கிறது. நேரம்தானே வேலை செய்கிறது?

நேரம்தான். ஆனால் உங்கள் சந்தையின் நேரம், இன்ஸ்டாகிராமின் நேரம் அல்ல. ஈரோட்டுக்குக் கிளம்பும் வியாபாரி அன்றுதான் சரக்கு தேடுகிறார். நீங்கள் அச்சடித்த நோட்டீஸ் கொடுத்தாலும் திங்கள்தான் எடுபடும்.

அதே ஈரோட்டுக்காரர்: காரணம் எதுவாக இருந்தால் என்ன? எங்கள் மேலாளருக்கு நேரம் முக்கியம் என்றுதானே படும். அப்படியே விட்டுவிடலாமே?

விட்டால் என்ன ஆகும் தெரியுமா? சந்தை இல்லாத வாரமும் "திங்கள் மதியம் போடு" என்பார். ஆனால் ஸ்டோரியும் வாட்ஸப் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைபவை, லைவ் விற்பனைக்கு ஆள் அந்நேரம் இருக்க வேண்டும். அவற்றுக்கு நேரம் பார்ப்பது நியாயம், அதை நானும் செய்கிறேன்.

கரூர், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி: குறுக்கிடுகிறேன். ஈரோட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. முதல் ஒரு மணி நேரத்தில் லைக் விழுந்தால்தான் மேலே ஏறும் என்று எங்கள் ஏஜென்சி சொல்கிறது. அப்படியானால் நேரம் முக்கியம்தானே?

தொடக்க வரவேற்பு ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளப்படலாம். "ஒரு மணி நேரம்" என்ற கெடுவை ஏஜென்சி எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். உங்கள் பழைய பதிவுகளில் மூன்றாம் நாள் ஏறியவை இருந்தால் அந்தக் கெடு அங்கேயே உடைகிறது. இல்லையென்றால் மறுபடி பேசலாம்.

பொள்ளாச்சி: ஞாயிறு எத்தனை மணிக்குப் போடலாம்?

மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

உடுமலைப்பேட்டை: செயலியில் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தால் ரீச் குறைகிறதாமே?

அந்த வசதியை இன்ஸ்டாகிராமே தன் செயலிக்குள் தருகிறது, 75 நாள் முன்பு வரை குறித்து வைக்கலாம். பயன்படுத்துவோரைத் தண்டிக்க ஒரு வசதியை ஏன் தர வேண்டும்? திடீரென்று ரீச் சரிந்தால் முதலில் அமைப்புகளில் `Account Status` பக்கத்தைப் பாருங்கள். பரிந்துரைகளில் காட்டத் தகுதி போயிருந்தால் அங்கே தெரியும்.

சத்தியமங்கலம்: ஒரே ஒரு கேள்வி, சிறந்த நேரம்...

அடுத்தவர்.

திருப்பூர், மீண்டும்: அக்கா, மின்னஞ்சலை அனுப்பினேன். சோதனைக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் நல்ல ரீல்களை ஏழு மணிக்கே வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

அப்படிச் செய்தால் சோதனை கெட்டுவிடும். ஏழு மணி ஜெயித்தால் அது நேரத்தாலா ரீலாலா என்று யாருக்கும் தெரியாது. மறுத்துப் பேசாதீர்கள். அவர் தேர்ந்தெடுக்கும் ரீல்களை ஏழு மணிக்கே போட்டுவிட்டு, சோதனைப் பட்டியலில் சேர்க்காமல் தனித் தாளில் எழுதுங்கள். மீதிப் பதிவுகளுக்கு நாணயம் சுண்டுங்கள். வாரம் நான்கு பதிவுக்குக் குறைந்தால் எட்டு வாரம் போதாது, அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.