பத்து நிமிடத்தில் முருங்கை விதை: நடுவரிடம் எதை முதலில் சொல்வது?

"ஐயா, நானும் என் தோழியும் பதினோராம் வகுப்பு படிக்கிறோம். மாவட்ட அறிவியல் கண்காட்சியில் முருங்கை விதையால் தண்ணீரைத் தெளிய வைப்பது பற்றிப் பத்து நிமிடம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரில் சோதனை செய்தோம். அடியில் கூட்டல் குறி போட்ட கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய், குறி மறைகிற உயரத்தை அளந்தோம். கலங்கல் தண்ணீருக்கு 6 செ.மீ. ஒரு மணி நேரம் சும்மா வைத்ததற்கு 9. லிட்டருக்கு ஒரு விதை போட்டதற்கு 38, இரண்டு விதை போட்டதற்கு 34, படிகாரம் போட்டதற்கு 45. எல்லாமே மூன்று தடவையின் சராசரி. பள்ளியில் பேசிப் பார்த்தபோது நீரின் அவசியம், மாசு, முருங்கையின் பயன்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது. 'சரி, நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்டார்கள். பேச்சை எப்படித் திட்டமிடுவது?"

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஒரு விதைக்கு 38, இரண்டு விதைக்கு 34 என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நடுவர் வேறு எங்கும் கேட்க முடியாத செய்தி அதுதான். முருங்கை விதை தண்ணீரைத் தெளிய வைக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். உங்கள் கண்மாய்த் தண்ணீருக்கு எத்தனை விதை போதும் என்பது உங்கள் நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பேச்சின் தலைப்பு 'முருங்கை விதையால் நீர் தெளிய வைத்தல்' என்று இருக்க வேண்டாம். 'எங்கள் கண்மாய்த் தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு முருங்கை விதை போதும்' என்று முடிவையே தலைப்பாக வையுங்கள். அட்டையிலும் அதையே எழுதுங்கள். நடுவர் நடந்து வரும்போதே பாதி விஷயத்தைப் படித்துவிடுவார்.

முதல் அரை நிமிடத்துக்கான வாக்கியங்களை மட்டும் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றதைக் குறிப்புகளைப் பார்த்துப் பேசினால் போதும். தொடக்கம் இப்படி இருக்கலாம்: "வணக்கம். எங்கள் கண்மாய்த் தண்ணீர் கலங்கலானது, 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் அடியில் உள்ள குறி தெரியாது. லிட்டருக்கு ஒரு முருங்கை விதை போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் 38 சென்டிமீட்டர் ஆழம் வரை தெரிகிறது. இரண்டு விதை போட்டாலும் அதற்கு மேல் தெளியவில்லை. ஏன் இப்படி இருக்கலாம் என்று சொல்கிறோம்." இவ்வளவுதான். நடுவரை யாராவது நடுவில் கூப்பிட்டுக்கொண்டு போனாலும் உங்கள் விஷயம் அவர் காதில் விழுந்திருக்கும். நீரின் அவசியத்துக்கு ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

"34 என்பது 38ஐ விடக் குறைவுதானே, இரண்டு விதை போட்டால் தெளிவு குறைகிறது என்றே சொல்லலாமே" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். நோட்டை எடுத்து மூன்று தடவையின் அளவுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு விதைக்கு 36, 38, 40 என்றும் இரண்டு விதைக்கு 33, 33, 36 என்றும் இருந்தால் இரண்டும் 36இல் தொட்டுக்கொள்கின்றன. அப்படியானால் 'கூடவில்லை' என்று மட்டும்தான் சொல்ல முடியும், 'குறைந்தது' என்று சொல்ல முடியாது. இரண்டு வரிசைகளும் தொடவே இல்லை என்றால் 'குறைவது போல் தெரிகிறது' என்று சொல்லலாம். அப்போதும் மூன்று தடவை என்பது சின்ன எண்ணிக்கைதான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நடுவர் கேட்கும் முன் இதை நீங்களே சொன்னால், சோதனையை உண்மையாகச் செய்தவர்கள் என்பது அவருக்கு உடனே புரியும்.

அடுத்தது நேரம். பத்து நிமிடத்தில் கேள்விகளும் அடக்கமா என்று அமைப்பாளர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அடக்கம் என்றே வைத்துக்கொண்டு ஏழு நிமிடம் பேசுங்கள், மூன்று நிமிடம் கேள்விக்கு விடுங்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதாவது கையில் இருப்பது எழுநூறு சொல்தான்.

உங்கள் சோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் தெளிய ஒரு மணி நேரம் ஆகும், உங்களிடம் இருப்பது ஏழு நிமிடம். அதனால் மேசையில் மூன்று ஜாடிகள் வேண்டும். ஒன்றில் கலங்கல் தண்ணீர் மட்டும், விதை கிடையாது. இரண்டாவதில் அதே தண்ணீரும் விதையும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில், நடுவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி, தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி ஜாடியில் ஒட்டிவிடுங்கள். மூன்றாவதை நடுவர் முன்னாலேயே தொடங்குங்கள்.

விதை போடாத ஜாடியைப் பலர் கொண்டுவருவதே இல்லை. அது இல்லாவிட்டால், "ஒரு மணி நேரம் சும்மா வைத்தாலே மண் அடியில் தங்கிவிடாதா?" என்ற ஒரே கேள்வியில் செயல்திட்டம் சாய்ந்துவிடும். அந்தக் கேள்விக்கு உங்களிடம் 9 என்ற அளவு இருக்கிறது. அந்த எண்ணையும் ஜாடியையும் சேர்த்துக் காட்டுங்கள். நடுவர் வரத் தாமதமானால் அந்த ஜாடியும் கொஞ்சம் தெளியும். அதற்காகப் பதற வேண்டாம், நேரத்தாளைக் காட்டி விளக்கிவிடலாம்.

மூன்றாவது ஜாடிதான் பேச்சுக்குக் கடிகாரம். தொடக்க வாக்கியங்கள் முடிந்ததும் தோழி விதைச்சாற்றை ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கட்டும். அப்புறம் நான்கைந்து நிமிடம் மெதுவாக, தண்ணீர் சுழல்கிறது என்று தெரிகிற அளவுக்கு மட்டும் கலக்கட்டும். வேகமாகக் கலக்கும்போது சாறு எல்லா இடமும் பரவுகிறது. மெதுவாகக் கலக்கும்போது மண் துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிச் சின்னச் சின்னத் திரிகளாகச் சேர்கின்றன. கடைசிவரை வேகமாகக் கலக்கினால் சேர்ந்த திரிகள் உடைந்துபோகும். கண்காட்சிப் பரபரப்பில் அடிக்கடி நடக்கிற தவறு இது.

கலக்குகிற நேரத்தில் நீங்கள் பேச வேண்டியது இரண்டே விஷயம். முதலில், எப்படி அளந்தீர்கள் என்பது. குழாயை நடுவர் கையில் கொடுத்து, குறி மறைவதை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். சொல்லி விளக்குவதைவிட இது சீக்கிரம் முடியும். பிறகு ஐந்து பட்டைகள் கொண்ட ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டுங்கள்: 6, 9, 38, 34, 45. ஒவ்வொரு பட்டையின் மேலும் எண்ணைப் பெரிதாக எழுதுங்கள், இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும். அட்டவணைகளை நோட்டில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் எடுங்கள்.

அடுத்து, ஏன் தெளிகிறது என்பது. இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண் துகள்கள் எதிர்மின் சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அடியில் இறங்குவதில்லை. முருங்கை விதையில் தண்ணீரில் கரையும் புரதம் இருக்கிறது, அது நேர்மின் சுமை கொண்டது. அது துகள்களின் சுமையைச் சமன் செய்து சேர்த்துவிடுகிறது, சேர்ந்தவை கனத்து இறங்குகின்றன. தேவைக்கு மேல் விதை போட்டால் மிஞ்சிய புரதம் துகள்களை மறுபடியும் ஒரே மாதிரிச் சுமை உள்ளவையாக்கி விலக்கக்கூடும். விதையின் மற்றப் பொருள்களும் தண்ணீரில் கலந்து லேசாகக் கலங்கடிக்கும். இரண்டாவது விதை ஏன் உதவவில்லை என்பதற்கு இது பொருத்தமான விளக்கம். ஆனால் சுமையை நீங்கள் அளக்கவில்லை. அதனால் 'இதுதான் காரணம்' என்று சொல்லாமல் 'இது காரணமாக இருக்கலாம்' என்று சொல்லுங்கள்.

இதைச் சொல்லி முடிக்கும்போது ஏறக்குறைய ஆறாவது நிமிடம். மூன்றாவது ஜாடியில் பழுப்புத் திரிகள் தெரியத் தொடங்கியிருக்க வேண்டும். ஜாடிக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்து, பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கை அடித்தால் நன்றாகத் தெரியும். நீங்கள் இப்போது சொன்னது அவர் கண்முன்னே நடக்கிறது. அதே மூச்சில் இரண்டாவது ஜாடியைக் காட்டி, "ஒரு மணி நேரத்தில் இப்படி ஆகும்" என்று சொல்லுங்கள். வீட்டில் அதே தண்ணீரில் திரி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் ஆகிறதென்றால், நடுவர் பக்கத்து மேசையில் இருக்கும்போதே கலக்கத் தொடங்கிவிடுங்கள், தொடங்கிய நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

திரியே வராமல் போனால் பெரும்பாலும் சாறுதான் காரணம். ஓட்டை நீக்கிய வெள்ளைப் பருப்பை அன்று காலையில் இடித்து, கொஞ்சம் சுத்தமான தண்ணீரில் ஐந்து நிமிடம் குலுக்கித் துணியில் வடிகட்டுங்கள். முந்தின நாள் கரைத்து வைத்த சாறு வீரியம் குறைந்திருக்கும். கண்மாய்த் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்த அதே இடத்திலிருந்து கொண்டு வாருங்கள். கலங்கல் குறைவான தண்ணீருக்கு ஒரு விதையே அதிகமாகிவிடலாம். தெளிந்த ஜாடியைப் பார்வையாளர்கள் சாய்கிற மேசையில் வைக்க வேண்டாம். தனி ஸ்டூலில் வையுங்கள், ஒரு தட்டு தட்டினாலும் அடியில் தங்கியது மேலே வந்துவிடும்.

கடைசி ஒரு நிமிடம் வரம்புகளுக்கு. 'குடிக்கத் தகுந்த நீர்' என்ற சொல்லைப் பேச்சிலிருந்தும் அட்டையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். நீங்கள் அளந்தது தெளிவை மட்டும்தான், கிருமியை அல்ல. திரிகளோடு சேர்ந்து கிருமிகள் பலவும் கீழே போகும், ஆனால் எல்லாம் போய்விடாது. மேலே தெளிந்ததை வடித்துக் கொதிக்க வைக்க வேண்டும் அல்லது குளோரின் சேர்க்க வேண்டும். விதையின் கரிமப் பொருள் தண்ணீரில் தங்குவதால் நாள் கணக்கில் சேமித்து வைக்கவும் கூடாது.

பிறகு கேள்விகள். "படிகாரம் 45 கொடுக்கிறதே, அப்புறம் எதற்கு முருங்கை?" என்பது கட்டாயம் வரும். படிகாரம் கூடுதலாகத் தெளிய வைக்கிறது என்பதை மறுக்காதீர்கள். அது தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கும், கடையில் வாங்க வேண்டும். முருங்கை தண்ணீரின் அமிலகார நிலையைப் பெரிதாக மாற்றாது, வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும். இவ்வளவு சொன்னால் போதும். பெரியவர் யாராவது, "எங்கள் காலத்தில் தேற்றான் கொட்டையை உரைத்து விடுவோமே" என்று சொன்னால், அதை நீங்கள் சோதிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, அதே குழாயில் அதையும் அளக்கலாம் என்று சொல்லுங்கள். "உங்கள் குழாய் அளவு என்.டி.யு.வில் எவ்வளவு?" என்று கேட்டால், அது கருவியால் கலங்கலை அளக்கும் அலகு, குழாயை அந்தக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை எண் எதுவும் சொல்லாதீர்கள். எல்லா ஜாடிக்கும் ஒரே குழாய், ஒரே வெளிச்சம், குறியைப் பார்த்ததும் ஒரே ஆள் என்று சொல்லுங்கள். அப்படிச் செய்யவில்லை என்றால் கண்காட்சிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி அளந்துவிடுங்கள்.