பன்னிரண்டாவது முறை எடுத்த போன்

அன்புள்ள ஐயா,

எனக்கு 33 வயது. பெங்களூரில் வேலை. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போன் செய்கிறார். போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா, ஏன் எடுக்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு கேட்கிறார். எடுக்காவிட்டால் என் அறைத்தோழியைக் கூப்பிடுகிறார். நிம்மதிக்காக லொக்கேஷனைப் பகிர்ந்தேன். இப்போது "சில்க் போர்டு ஜங்ஷனில் ஏன் இவ்வளவு நேரம் நின்றாய்" என்கிறார். கத்தினால் அழுகிறார். அப்புறம் எனக்குக் குற்ற உணர்ச்சி. என்ன செய்வது?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்த லொக்கேஷனை நிறுத்துங்கள். பயத்தில் கேட்பவருக்குத் தகவல் கூடக்கூட பயம் குறையாது, பார்க்க வேண்டிய இடங்கள்தான் கூடும். முன்பு சில்க் போர்டு அவர் கவலையிலேயே இல்லை. வரைபடத்தைக் கொடுத்ததும் அதுவும் சேர்ந்துகொண்டது.

என் அப்பா போன பிறகு என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். ஒருநாள் எரிச்சலில் போனை எடுத்து, ஒரு வாரத்தில் வந்த அழைப்புகளை நேரவாரியாக ஒரு தாளில் குறித்தேன். நாள் முழுக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் மாலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவே வந்திருந்தன. அப்பா கடையைச் சாத்திவிட்டு வரும் நேரம் அது. முப்பது வருடம் அந்த நேரத்தில் ஒரு ஆள் வாசலில் வந்து நின்றிருக்கிறார். அந்த இடத்தில்தான் என் போனை வைத்திருந்தார் அம்மா. நீங்களும் ஒரு வாரம் இதைக் குறித்துப் பாருங்கள், நேரம் தெரிந்துவிடும்.

தெரிந்ததும், அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் நீங்களே கூப்பிடுங்கள். இதுதான் முக்கியம். அவர் கூப்பிட்டு நீங்கள் எடுத்தால் அது அவர் பதறி வாங்கிய பதில். நீங்களாகக் கூப்பிட்டால், கேட்காமலே வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். வைக்கும்போது "நாளைக்கு எட்டரைக்குக் கூப்பிடுகிறேன்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டு வையுங்கள். சொன்ன நேரத்தைத் தவற விடாதீர்கள். மீட்டிங் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இடையில் வரும் அழைப்புகளை எடுக்காதீர்கள். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். பதினொரு முறை விட்டுவிட்டுப் பன்னிரண்டாவது முறை எடுத்தால், பன்னிரண்டு முறை அடித்தால் எடுப்பாள் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். கொத்தினால் எப்போதாவது மட்டும் தீனி விழும் என்று பழகிய புறா, ஒவ்வொரு முறையும் விழும் என்று பழகியதைவிட, தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். லாட்டரிச் சீட்டு வாங்குபவரும் இதே கதைதான். (அம்மாவைப் புறாவோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

முதல் ஒன்றிரண்டு வாரம் அழைப்புகள் குறையாது, கூடும். வழக்கமான பதில் நின்றதும் ஒருமுறை வேகம் எடுத்துவிட்டுத்தான் தணியும். அது தெரியாமல் "இது சரிவராது" என்று அப்போது போனை எடுத்துவிட்டால் முன்னைவிட மோசமாகிவிடும். நிஜமான அவசரத்துக்கு ஒரு தனி வழி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் பேசி, உடம்புக்கு ஏதாவது என்றால் அவர் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் இருந்து வந்தால் மட்டும் உடனே எடுங்கள். அறைத்தோழியிடமும், போன் வந்தால் "நன்றாக இருக்கிறாள், மாலையில் கூப்பிடுவாள்" என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பேசும் பத்து நிமிடத்தில் உங்கள் நடவடிக்கையை ஒப்பிக்காதீர்கள். அவரிடம் ஏதாவது கேளுங்கள். நான் வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டேன். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. அன்று சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காலையில் சொன்னதை மதியம் மறந்துவிட்டு, முதல்முறை கேட்பது போலவே மறுபடி கேட்கிறாரா? அப்படியானால் இது ஏக்கம் இல்லை, ஞாபகம் தொடர்பான விஷயமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலும், எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தாலும் அது மனச்சோர்வாக இருக்கலாம். டெலிமானஸ் 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

இந்த ஏற்பாட்டைப் போனில் சொல்லாதீர்கள், சண்டையில்தான் முடியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அழுவார். அழட்டும், எழுந்து போய்விடாதீர்கள்.