இரண்டு ஆப்-ஆம்ப் முழு அலைத் திருத்தியில் சராசரி ஏன் கூடுகிறது?

"சிம் லிம் டவரில் 5 கிலோஓம் மின்தடை கிடைக்காததால் 4.7 கிலோஓம் போட்டேன். மற்றவை எல்லாம் 10 கிலோஓம். உச்சம் 1 வோல்ட் உள்ள சைன் அலைக்குச் சராசரி 0.637 வோல்ட் வர வேண்டும், ஆனால் 0.677 வருகிறது. ஏன்?"

காரணம் அந்த 4.7 கிலோஓம் மின்தடைதான். உள்ளீடு நேர்மறையாக இருக்கும்போது முதல் ஆப்-ஆம்ப் அதைத் தலைகீழாக்கி, −1 வோல்ட் உச்சமுள்ள அரை அலையாகத் தருகிறது. எதிர்மறையாக இருக்கும்போது டயோடுகள் அந்த நிலையின் வெளியீட்டைச் சுழியத்தில் நிறுத்திவிடுகின்றன. இரண்டாவது ஆப்-ஆம்ப், மூல அலையை ஒரு மடங்காகவும் இந்த அரை அலையை 10/5, அதாவது இரண்டு மடங்காகவும் கூட்டித் தலைகீழாக்குவதால், நேர்ப்பாதியில் −1 + 2 = 1 வோல்ட், எதிர்ப்பாதியிலும் 1 வோல்ட் என மேடுகள் சமமாகின்றன. உங்கள் சுற்றிலோ அந்தப் பெருக்கம் 10/4.7 = 2.128 ஆகிவிட்டதால், நேர்ப்பாதியின் மேடு மட்டும் 1.128 வோல்ட்டுக்கு உயர்கிறது.

ஒவ்வொரு மேடும் முழுச் சுழற்சியின் சராசரிக்குத் தன் உச்சத்தை π-ஆல் வகுத்த அளவைச் சேர்க்கும், ஆகவே (1.128 + 1)/π = 0.677 வோல்ட். ஆசிலாஸ்கோப்பில் ஒன்றுவிட்டு ஒரு மேடு உயர்ந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். மீட்டரின் எண் மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு 10 கிலோஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் 5 கிலோஓம் கிடைத்துவிடும்.